மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

சென்ற ஆவணி மாதத்தில், பவானிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் கடன் மனுக்களைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். மனுக்களுள் ஒன்று புதிய பம்பு செட்டுக்கானது. மனுதாரர் ஏறக்குறைய அறுபது வயதான விவசாயி. ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் வைத்திருந்தார். பழைய 5 குதிரைசக்தி பம்பு முற்றிலும் பழுதாகிவிட்டதாகவும், மஞ்சள் காய்வதாகவும், உடனே கடன் கிடைக்காவிடில் பயிர் கைவிட்டுப் போகுமென்றும் மனுவில் எழுதியிருந்தது. பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்த சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு மனுவுக்கு, பம்பை நேரில் பாராமலே, சீட்டை மட்டும் நம்பிச் சிபாரிசு எழுதினேன். பின்னர் அந்த அங்கத்தினர் பழைய பம்பைக் கழித்துவிட்டுப் புதியதை அதே குழாயில் மாட்டினார். புதியதும் தண்ணீர் இறைக்கவில்லை. பழுது பம்பில் இல்லை, குழாயின் அடியில் இருந்தது. கடன் தவணையோ அவர் தலையில் ஏறிவிட்டது. அந்த நினைவு உறுத்தியதால் இம்முறை காகிதத்தை மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துக்கே போனேன்.

“மோட்டாரு நல்லாத்தானுங்க ஓடுது. தண்ணிதான் வர மாட்டேங்குது,” என்றார் பெரியவர். ஸ்டார்ட்டரைப் போட்டுக் காட்டினார். மோட்டார் சப்தம் சீராக இருந்தது. உரசலோ நடுக்கமோ இல்லை. ஆனால் வாய்க்கால் வாயில் ஒரு சொட்டு நீர் இல்லை. பலகையிலிருந்த ஆம்பியர் மானியைப் பார்த்தேன். முன்பு தண்ணீர் நன்றாக வந்த காலத்தில் முள் எங்கே நிற்கும் என்று கேட்டேன். ஏழைத் தாண்டி நிற்கும் என்றார். அப்போது அது நான்கில் நின்றது. உடனே நிறுத்தச் சொன்னேன்.

அந்த முள்ளே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. தண்ணீரைத் தூக்கும் வேலை இருந்தால்தான் மோட்டார் முழு மின்சாரத்தையும் இழுக்கும். வேலை இல்லாவிடில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும் இழுக்கும். முள் வழக்கத்தைவிட மிகவும் தாழ்ந்து நின்றால் பம்பின் உள்ளே தண்ணீர் இல்லை, காற்று இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தண்டு இறுகியிருந்தாலோ மும்முனையில் ஒரு முனை அறுந்திருந்தாலோ முள் உயர்ந்திருக்கும், அல்லது மோட்டார் சுழலாமல் உறுமும். இங்கே அந்தக் குறிகள் எவையும் இல்லை.

பம்பின் உள்ளே காற்று இருந்தால் ஏன் தண்ணீர் ஏறுவதில்லை? மோட்டார் அதே வேகத்தில்தானே சுழல்கிறது? இதை அங்கத்தினர்கள் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

பம்புக்குத் தண்ணீரைக் கைபிடித்து இழுக்கும் ஆற்றல் கிடையாது. கிணற்று நீரின் மேற்பரப்பை வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. பம்பின் உள்ளே இருக்கும் நீரை இம்பெல்லர் என்னும் சுழல்சக்கரம் விசிறி வெளியே தள்ளும்போது நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று கிணற்று நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. முற்றிலும் வெற்றிடம் ஏற்பட்டாலும் காற்றால் ஏற்றக்கூடிய உயரம் ஏறக்குறைய 34 அடிதான். குழாயின் உராய்வு, வால்வின் தடை முதலியவற்றைக் கழித்தால் நடைமுறையில் 20 அடி, மிஞ்சிப்போனால் 22 அடி என்று கொள்ளலாம். ஆழ்கிணறுகளில் பம்பை உள்ளே மேடை கட்டி இறக்கிவைப்பதன் காரணம் இதுவே.

இப்போது சக்கரத்தைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 அடி உயரத்துக்கு நீரைத் தள்ளவல்ல பம்பு, காற்று நிறைந்திருக்கும்போது 100 அடி உயரக் காற்றுத்தூணின் கனத்துக்குச் சமமான அழுத்தத்தைத்தான் உண்டாக்கும். காற்றோ தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு இலேசானது. 100 அடியை 800ஆல் வகுத்தால் ஒன்றரை அங்குலம் வருகிறது. அதாவது காற்று நிறைந்த பம்பு கிணற்று நீரை இரண்டு விரற்கடைக்கு மேல் உயர்த்தாது. பெரியவரின் கிணற்றில் நீரை 16 அடி உயர்த்த வேண்டும். ஒரு நாள் முழுதும் ஓடவிட்டாலும் ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலமாகவே இருக்கும். “ஓட ஓடப் பிடித்துக்கொள்ளும்” என்று மோட்டாரை வெறுமனே ஓடவிடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. கிளாண்டில் திணித்த கயிறு காய்ந்து எரிகிறது, தண்டு தேய்கிறது, இயந்திர முத்திரை வைத்த பம்பானால் அந்த முத்திரை சில நிமிஷங்களிலேயே கெட்டுவிடும்.

ஆகவே பம்பையும் உறிஞ்சு குழாயையும் முதலில் நீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பட்டறைக்காரர்கள் பிரைமிங் என்று சொல்வது இதைத்தான். ஊற்றிய நீர் கிணற்றுக்கே திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் கதவுதான் குழாயின் அடியில் நீருக்குள் இருக்கும் புட் வால்வு. அது மேல்நோக்கி மட்டும் திறக்கும். சல்லடைக் கூட்டுக்குள் ஒரு வளையத்தின் மேல் தோல் அல்லது ரப்பர் வாஷர் ஒட்டிய மூடி படிந்திருக்கும். பம்பு ஓடும்போது மூடி தூக்கப்பட்டு நீர் ஏறும். நின்றதும் மேலுள்ள நீரின் கனத்தால் மூடி படிந்து வழியை அடைக்கும்.

பெரியவரிடம், எத்தனை வாளி ஊற்றினீர்கள் என்று கேட்டேன். காலையில் மட்டும் எட்டு வாளி ஊற்றியதாகச் சொன்னார். வாளி 15 லிட்டர் கொள்வது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழாய் நிறைய எவ்வளவு நீர் வேண்டும் என்பது அவரவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இரண்டரை அங்குலக் குழாய் அடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும். மூன்று அங்குலமானால் ஒரு லிட்டர் 400 மில்லி. நான்கு அங்குலமானால் இரண்டரை லிட்டர்.

அவருடையது மூன்று அங்குலக் குழாய். நேர்க்குழாய் 20 அடி, பம்புக்குப் போகும் படுக்கைக் குழாய் 4 அடி, ஆக 24 அடி. இதில் அடியிலுள்ள 4 அடி நீருக்குள் மூழ்கியிருப்பதால் தானாகவே நிறைந்திருக்கும். மீதி 20 அடிக்கு 28 லிட்டர். பம்பின் வயிற்றுக்கு ஒரு 5 லிட்டர் சேர்த்தால் 33 லிட்டர். இரண்டே கால் வாளியில் புனல் நிறைந்து வழிய வேண்டும். எட்டு வாளி, அதாவது 120 லிட்டர் ஊற்றியும் வழியவில்லை. மிகுதி எங்கே போயிற்று? குழாய்க்கு வெளியே எங்கும் ஈரம் இல்லை. ஆகையால் புட் வால்வு வழியாகக் கிணற்றுக்குத்தான் போயிருக்க வேண்டும். சம்மட்டியோ ஸ்பானரோ தொடுமுன்பே வாளிக் கணக்கு இதைக் காட்டிக்கொடுத்தது.

“ஆனா போன வாரம் வரைக்கும் தண்ணி வந்துதுங்களே?” என்று அவர் மகன் கேட்டார். நல்ல கேள்வி. விசாரித்ததில், இரண்டு மாதமாகச் சாணியைக் கரைத்து ஊற்றி வந்தார்கள் என்றும், மூன்று பேர் நின்று விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடிப்போய் ஸ்டார்ட்டரைப் போடுவார் என்றும் தெரிந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டால் பின்னர் மின்சாரம் நிற்கும்வரை தண்ணீர் குறையாமல் வருமாம்.

இதில் விந்தை ஒன்றும் இல்லை. பம்பு ஓடும்போது நீர் மேல்நோக்கிப் போகிறது, மூடி திறந்தே இருக்கிறது, வால்வு முழுவதும் நீருக்குள் இருக்கிறது. அப்போது அது ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன? புட் வால்வின் ஒழுக்கு பம்பு நிற்கும்போதுதான் கெடுதல் செய்யும். இதற்கு நேர் எதிரானது குழாய் இணைப்புகளில் உள்ள ஒழுக்கு. அது பம்பு ஓடும்போது கெடுதல் செய்யும். ஏனெனில் அப்போது உறிஞ்சு குழாயின் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருப்பதால் இண்டு இடுக்கு வழியே நீர் வெளிவராமல் காற்று உள்ளே புகும். கண்ணுக்கு ஈரம்கூடத் தெரியாது. எது நிற்கும்போது தொல்லை, எது ஓடும்போது தொல்லை என்ற இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழுதுகளை அங்கத்தினர்களே கண்டுபிடித்துவிடலாம்.

சாணி கரைத்து ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சாணியிலுள்ள நார் மூடியின் இடுக்கில் போய்த் தங்கிச் சிறிது நேரம் அடைக்கும். அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம். நாள்தோறும் செய்தால் அதனுடன் சேர்ந்து வரும் மணல் வால்வின் வளையத்தையும் இம்பெல்லரையும் தேய்க்கும். இடுக்கும் நாளுக்கு நாள் பெரிதாகும். ஒரு நாள் சாணியும் நிற்காது. பெரியவரின் பம்பு அந்த நாளுக்கு வந்திருந்தது.

மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி மகனின் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் காத்திருக்கும் நேரம் அது. யாராவது வந்து பொத்தானை அமுக்கிவிட்டால் பம்பின் மேல் கைவைத்திருப்பவன் விரல் போய்விடும். பின்பு பக்கத்துத் தோட்டத்து இருவர் துணைக்கு வர, படுக்கைக் குழாயின் பிளாஞ்சைக் கழற்றி, கயிறு கட்டி நேர்க்குழாயை மேலே தூக்கினோம்.

புட் வால்வைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. தோல் வாஷர் வறட்டி போல் இறுகி, ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் கால் அங்குலத்துக்கு மேலெழும்பி நின்றது. சித்திரையில் கிணறு வற்றியபோது வால்வு ஐந்து வாரம் நீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்ததாம். நனைந்தே இருக்க வேண்டிய தோல் வெயிலில் காய்ந்தால் சுருங்கும். மீண்டும் நீரில் மூழ்கினாலும் பழைய வடிவத்துக்கு வராது. ஆனி மழையில் கிணறு ஊறியதிலிருந்துதான் இவருக்குத் தொல்லை ஆரம்பமாகியிருக்கிறது. சல்லடையில் ஒரு வேப்பங்குச்சியும் சிக்கியிருந்தது. ஆனால் அது மூடிவரை வரவில்லை. பலருக்குக் கோளாறு அந்தக் குச்சியாகவே இருக்கும். மூடிக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு சுள்ளி மாட்டினால் போதும், வாஷர் புதிதாக இருந்தும் நீர் நிற்காது. ஆகவே பிரித்தவுடன் வாஷரைக் குற்றம் சொல்லாமல், முதலில் மூடி தடையின்றி விழுகிறதா என்று பாருங்கள். கீல் ஆணி தேய்ந்து மூடி சாய்ந்து விழுகிறதா, வளையத்தில் துருவோ பள்ளமோ இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். வளையமே குழிந்துபோயிருந்தால் வாஷர் மாற்றிப் பயனில்லை. வால்வையே மாற்ற வேண்டும்.

இவருடைய வளையம் வழவழப்பாகவே இருந்தது. பழைய வாஷரை அளவாக வைத்துக் கடையிலிருந்து புதிய தோல் இரண்டு வாங்கிவரச் செய்தோம். தோலை அப்படியே மாட்டக்கூடாது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து இளகியபின் மாட்ட வேண்டும். அன்று நேரமாகிவிட்டதால் வேலையை மறுநாளைக்கு வைத்தோம். நானும் அந்த ஊரிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை வாஷரை மாட்டியதும், குழாயைக் கிணற்றில் இறக்குமுன் தரையிலேயே சோதித்தோம். குழாயைச் சுவரில் செங்குத்தாகச் சாத்தி, கீழே இரண்டு கற்களின்மேல் வால்வு நிற்கும்படி வைத்து, மேலிருந்து நீர் ஊற்றினோம். முதலில் சில சொட்டுகள் விழுந்தன. நீர் உயர உயர மூடி அழுந்திப் படிந்து சொட்டு நின்றது. ஐந்தாறு அடியாவது நீர் நின்றால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. வால்வை மட்டும் கையில் பிடித்துக் குவளை நீர் ஊற்றிப் பார்த்தால் அந்தச் சிறு கனத்துக்கு மூடி சரியாகப் படியாமல் நல்ல வால்வும் ஒழுகுவது போல் தோன்றக்கூடும்.

குழாயை இறக்கும்போது வால்வு கிணற்றின் அடிச்சேற்றிலிருந்து இரண்டடி உயரத்திலும், இறைத்து நீர் தாழும் காலத்திலும் குறைந்தது இரண்டடி நீர் அதன்மேல் நிற்கும்படியும் வைத்தோம். மேலே நீர் குறைவானால் சுழி விழுந்து அதன் வழியே காற்று குழாய்க்குள் போய்விடும். கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தால் வால்வுக்கு நேர்மேலே சிறு சுழி சுற்றுவது கண்ணுக்கே தெரியும்.

பின்பு நீர் நிரப்பினோம். இதில் அவசரம் உதவாது. பம்பின் தலையிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, புனலில் மெதுவாக ஊற்ற வேண்டும். மடமடவென்று கவிழ்த்தால் இறங்கும் நீரும் ஏறும் காற்றும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு, நிறையாமலே நிறைந்ததுபோல் புனல் வழியும். குமிழி வரும்வரை பொறுத்து, நின்றபின் மறுபடி ஊற்றுக. இடையிடையே தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் இம்பெல்லர் அறைகளில் ஒளிந்திருக்கும் காற்றும் வெளிவரும். காற்றுத் திருகின் வழியே குமிழியில்லாத நீர் வழிந்ததும் திருகை மூட வேண்டும். சரியாக இரண்டே கால் வாளியில் நிறைந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் வாளியைத் திரும்பத் தொட்டியில் கவிழ்த்தார்.

உடனே ஸ்டார்ட்டரைப் போட மகன் கை நீட்டினார். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். புனலில் நீர்மட்டத்துக்கு நேரே கரிக்கோடு ஒன்று போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷத்திற்குப் பின்னும் நீர் கோட்டிலேயே நின்றது. முந்தின நாள் இதே சோதனையைச் செய்திருந்தால் புனல் ஒரு கணமும் நிறைந்து நின்றிராது. சிறு ஒழுக்கானால் பத்து நிமிஷத்தில் விரற்கடை அளவு இறங்கும். அத்தகைய பம்பு, நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் பிடிக்கும், இரவு கழிந்து காலையில் போட்டால் பிடிக்காது. “காலையில் மட்டும்தான் தகராறு” என்று யாராவது சொன்னால் புட் வால்வு மெதுவாக ஒழுகுகிறது என்றே முதலில் நினையுங்கள்.

வெளிக்குழாயிலுள்ள கேட் வால்வை மூடிவைத்து மோட்டாரைப் போட்டு, வேகம் பிடித்ததும் வால்வை மெல்லத் திறந்தோம். தண்ணீர் குழாய் நிறைய வந்து விழுந்தது. முள் ஏழில் ஏறி நின்றது. கூடியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மனுவின்மேல் எழுத வேண்டிய குறிப்பை மனத்தில் அமைத்துக்கொண்டேன்.

நான்கைந்து நிமிஷம் சென்றிருக்கும். தண்ணீர் இருமுவதுபோல் விட்டுவிட்டு வந்தது. இடையிடையே வெண்மையாக நுரைத்தது. முள் ஏழுக்கும் நான்குக்கும் இடையே ஆடியது. பின்பு அடியோடு நின்றுவிட்டது. பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி, இம்பெல்லரே போய்விட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். ஆனால் மேலே சொன்ன வேற்றுமையை வைத்துப் பாருங்கள். நின்றிருக்கும்போது நீர் இறங்கவில்லை, ஆகவே வால்வு நன்றாக இருக்கிறது. ஓடும்போது கெடுகிறது. அப்படியானால் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. முந்தின நாள் நாங்கள் கைவைத்த இடம் எது? படுக்கைக் குழாயின் பிளாஞ்சு. அதைப் பூட்டும்போது பழைய ரப்பர் வாஷரையே மறுபடி வைத்திருந்தோம். இது என் கவனக்குறைவு.

மறுபடி நிரப்பி ஓட்டி, தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது, கொளுத்திய ஊதுபத்தி ஒன்றை உறிஞ்சு குழாயின் இணைப்புகளைச் சுற்றிக் காட்டினோம். சட்டையும் துண்டும் சுழலும் தண்டின் அருகே போகாதபடி கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. மற்ற இடங்களில் புகை நேராக மேலே போயிற்று. பிளாஞ்சின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வளைந்து உள்ளே இழுக்கப்பட்டது. கிணற்றுக்குள் காற்று வீசிப் புகை நிலையாக நில்லாவிட்டால், குழைத்த களிமண்ணையோ கிரீசையோ ஒவ்வோர் இணைப்பாக அப்பிப் பார்க்கலாம். எதை அப்பியதும் இருமல் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. புதிய வாஷர் வெட்டி வைத்து, நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினோம். அதன்பின் முள் ஏழை விட்டு அசையவில்லை.

இணைப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் இருமல் நிற்காவிடில் கிளாண்டைப் பாருங்கள். கயிறு திணித்த கிளாண்டு ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிய வேண்டும். சொட்டே விழாமல் காய்ந்திருந்தால் அவ்வழியாகக் காற்று புகக்கூடும்; தண்டும் சூடேறும். சிலர் சொட்டு வீணாகிறதென்று நட்டை இறுக்கிவிடுகிறார்கள். அது பம்புக்கு நல்லதன்று.

நெசவாளர் சங்க அங்கத்தினர்களுக்கு வேறொரு பழுதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதை நான் கண்டது ஒரு சாயப்பட்டறையில். அங்கே புட் வால்வு புதியது, இணைப்புகளில் புகை இழுக்கவில்லை, புனலில் நீர் ஒரு மணி நேரமும் இறங்காமல் நின்றது. ஆயினும் பம்பு சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. பிடித்தாலும் தண்ணீர் மெலிந்தே வரும். சாயம் தோய்த்த சிட்டங்களை அலசிக்கொண்டிருக்கும்போது நீர் நின்றுவிட, அரைகுறையாக அலசிய நூல் திட்டுத் திட்டாகி, ஒரு பாவுக்கான நூல் முழுவதும் கழிவாயிற்று.

அங்கே கிணற்றுக்கும் பம்புக்கும் இடையே ஒரு குட்டிச்சுவர் இருந்தது. குழாயைச் சுவரில் துளையிட்டுக் கொண்டுபோகாமல் சுவரின்மேல் ஏற்றி இறக்கியிருந்தார்கள். அந்த வளைவு பம்பின் வாயைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. பம்பின் புனலில் ஊற்றும் நீர் பம்பின் மட்டம்வரைதான் நிறையும். அதற்கு மேலே கூன்போல் நிற்கும் குழாயில் உள்ள காற்று எந்த வழியாகப் போகும்? அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். இதுதான் காற்றடைப்பு, பட்டறையில் ஏர் லாக் என்பார்கள். தண்ணீரில் கரைந்து வரும் காற்றும் ஓட ஓட அந்த உச்சியில் வந்து சேர்ந்து குழாயின் வழியைக் குறுக்கிவிடும். புனல் நிறைந்து நிற்பதைக் கண்டு பிரைமிங் ஆகிவிட்டதென்று நம்பினார்கள். குழாயின் வயிற்றிலோ காற்று இருந்தது.

அதற்கு மருந்து ஒன்றுதான். கிணற்றிலிருந்து பம்புவரை உறிஞ்சு குழாய் எங்கும் கூன் விழாமல், பம்பை நோக்கிச் சிறிது ஏறிக்கொண்டே வர வேண்டும். பத்தடிக்கு இரண்டு அங்குல ஏற்றம் போதும். அப்போது காற்று தானாகவே பம்பின் தலைக்கு வந்து காற்றுத் திருகு வழியே போய்விடும். சுவரில் துளையிட்டுக் குழாயைத் தாழ்த்தியபின் அந்தப் பட்டறையில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய குழாயைப் பம்பின் சிறிய வாயோடு சேர்க்கும் குறுக்குத் துண்டிலும் இதே சங்கடம் வரும். நடுவில் ஒத்துக் குறுகும் துண்டை வைத்தால் மேற்பக்கத்தில் ஒரு காற்றுப் பை தங்கும். மேற்பக்கம் நேராகவும் கீழ்ப்பக்கம் மட்டும் சரிவாகவும் உள்ள துண்டை வாங்கி, நேரான பக்கம் மேலே வரும்படி மாட்ட வேண்டும்.

இவை எல்லாம் கிணற்றுக்கு வெளியேயோ மேடையிலோ நின்று உறிஞ்சும் பம்புகளுக்கே பொருந்தும். நீர்மூழ்கி மோட்டார்களுக்குப் பிரைமிங்கும் புட் வால்வும் இல்லை. அவற்றின் நோய்கள் வேறு. மேலும், கம்பி மாற்றிய மறுநாள் முதல் தண்ணீர் மெலிந்தால் மேற்கண்டவற்றைத் தேடுமுன் மோட்டார் அம்புக்குறியின் திசையில் சுழல்கிறதா என்று பாருங்கள். மும்முனைக் கம்பிகளில் இரண்டு இடம் மாறினாலே அது எதிர்த்திசையில் சுழலும். கோடையில் நீர்மட்டம் பம்பிலிருந்து 22 அடிக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு திறமையாக நிரப்பினாலும் பம்பு இறைக்காது. மேடையைத்தான் இறக்க வேண்டும்.

பெரியவரின் மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். வாங்கிய இரண்டு தோல்களில் மிகுந்த ஒன்றில் விளக்கெண்ணெய் தடவி, ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினார். அடுத்த சித்திரையில் கிணறு வற்றினால் வால்வை வெயிலில் தொங்கவிடாமல் கழற்றி, நீர்த்தொட்டியில் போட்டுவைக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். நான் புறப்படும்போது மஞ்சளின் மூன்றாம் பாத்தியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.